இருபது நாள்: 1986 ஜனவரியில லெசோத்தோ கேட்டை இழுத்துப் பிடிச்ச கதை

நான் தூத்துக்குடிக்காரன், பன்னெண்டு வருஷமா தென்னாப்பிரிக்காவோட டர்பன் துறைமுகத்துல கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் வேலை. ஊருக்குப் போறப்போ சொந்தக்காரங்க கேக்குற கேள்வி எப்பவும் ஒண்ணு தான், கடலே இல்லாத நாட்டுக்கு நீ எப்படிப்பா கப்பல் சரக்கு அனுப்புறன்னு. பதில் என்னன்னா, பக்கத்து நாட்டுக்காரன் விட்டா போகும், விடலேன்னா போகாது. அந்த "விட்டா"ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள சட்டம், பணம், அரசியல், பார்டர்ல நிக்குற போலீஸ்காரனோட மூட் எல்லாமே அடங்கியிருக்கு. இதைப் புரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்சு லெசோத்தோவை விட நல்ல கேஸ் கிடையாது, அதுலயும் 1986 ஜனவரி. அந்த மாசம் இந்தப் பக்கத்துல இருந்து லோடு எடுத்துட்டுப் போன ஒருத்தர் எங்க ஆபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தார், டர்பன் சாட்ஸ்வொர்த்காரர், அவங்க கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர். நாங்க எல்லாரும் அவரை அங்கிள்னு தான் கூப்பிடுவோம், அவர் என்னை தம்பின்னு கூப்பிடுவார், பாட்டிகிட்ட கத்துக்கிட்ட தமிழும் டர்பன் இங்கிலீஷும் கலந்து பேசுவார். அவர் சொன்னதையும் நான் படிச்சதையும் சேர்த்து தான் இதை எழுதுறேன்.

முதல்ல மேப்பைப் பாருங்க. கடல் இல்லாத நாடுகள் நிறைய இருக்கு, ஆனா ஒரே ஒரு நாட்டால சுத்தி வளைக்கப்பட்ட நாடுன்னா உலகத்துல மூணு தான், வாடிகன், சான் மரினோ, அப்புறம் லெசோத்தோ. முதல் ரெண்டும் ஒரு ஊர் அளவு. லெசோத்தோ சுமார் 30,000 சதுர கிலோமீட்டர், மலை நாடு, எந்தத் திசையில நடந்தாலும் கடைசியில தென்னாப்பிரிக்கா தான். ஜாம்பியாவை எடுத்துக்கோங்க, டர்பன் ஒத்துவரலேன்னா டார் எஸ் சலாம் இருக்கு, பெய்ரா இருக்கு, நமீபியா வழியா வால்விஸ் பே இருக்கு. ஒரு வழி அடைச்சா காசு ஜாஸ்தியாகும், நாள் ஜாஸ்தியாகும், ஆனா மூச்சு நிக்காது. லெசோத்தோவுக்கு அப்படி இல்ல. ரயில் இருக்கான்னா இருக்கு, 1905ல போட்ட கிளை லைன், நாட்டுக்குள்ள ரெண்டு மைல் கூட ஓடாது, தலைநகர் மசேருவோட நின்னுரும், மிச்சம் மொத்தமும் தென்னாப்பிரிக்க தண்டவாளம். பிளேன் இருக்கேன்னு கேக்கலாம், அது எந்தப் பக்கம் பறந்தாலும் தென்னாப்பிரிக்க வான் எல்லைக்குள்ள தான் பறக்கணும். அன்னைக்கு கரண்டும் அங்கேயிருந்து தான். லட்சத்துக்கு மேல ஆம்பளைங்க தென்னாப்பிரிக்க சுரங்கங்கள்ல வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பிட்டு இருந்தாங்க.

நம்ம ஊர்ல இதுக்கு நேரான விஷயம் ஒண்ணு இருக்கு. நாலு பக்கமும் அடுத்தவன் வயல், நடுவுல நம்ம வயல். பத்திரத்துல "மாமூல் வண்டித்தட பாத்தியம்"னு ஒரு வரி இருந்தா தைரியமா மாட்டுவண்டியை ஓட்டிட்டுப் போலாம், இல்லேன்னாலும் கோர்ட்டுக்குப் போனா, வேற வழியே இல்லாத நிலத்துக்குப் பாதை விட்டுத் தான் ஆகணும்னு சட்டத்துல இடம் இருக்கு. நாடுகளுக்கு நடுவுலயும் இப்படித்தான் இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அங்க தான் தப்பு. அவசியத்தால வர்ற பாதை உரிமைன்னு ஒண்ணு நாடுகளுக்கு நடுவுல தானா வந்துரும்னு எந்த உலக கோர்ட்டும் பொதுவா சொன்னது கிடையாது. 1960ல போர்ச்சுகல், தாத்ரா நகர் ஹவேலிக்கு இந்தியா வழியா போக உரிமை கேட்ட கேஸ்ல, ஜனங்களுக்கும் சிவில் அதிகாரிகளுக்கும் சாதாரண சரக்குக்கும் வழி உண்டு, ஆயுதத்தோட போறவங்களுக்குக் கிடையாதுன்னு சர்வதேச நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா அந்த உரிமை எதுல இருந்து வந்துச்சுன்னா அந்த இடத்துல ரொம்ப காலமா இருந்த மாமூல்ல இருந்து, கடல் இல்லாதவனுக்கு கண்டிப்பா வழி விடணும்ங்கிற பொது விதியில இருந்து இல்ல.

சரி, 1985 டிசம்பர் 31 ராத்திரி லெசோத்தோ கையில என்ன காகிதம் இருந்துச்சு? 1921 பார்சிலோனா மாநாட்டுல போக்குவரத்து சுதந்திரம் பத்தி ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு. 1965 நியூயார்க் ஒப்பந்தம் கடல் இல்லாத நாடுகளுக்குன்னே எழுதுனது. 1982ல ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் வந்துச்சு, அதோட பத்தாம் பகுதி முழுக்க இதே விஷயம் தான், ஆனா அது 1994 நவம்பர்ல தான் அமலுக்கு வந்துச்சு, அதனால 1986ல அது வெறும் கையெழுத்து போட்ட பேப்பர். இவங்களுக்குள்ளயே நேரடியா கட்டுப்படுத்துறது ஒண்ணு இருந்துச்சு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளோட சுங்க ஒன்றியம், 1910ல இருந்து இருக்கு, 1969ல புதுசா எழுதுனாங்க, அதுல ஒருத்தர் சரக்கை இன்னொருத்தர் பாரபட்சம் இல்லாம தன் நிலம் வழியா விடணும்னு தெளிவா வரி இருக்கு. ஆனா அதை மீறினா எங்க போய் நிக்கிறது? ஒரு கமிஷன் இருந்துச்சு, உக்காந்து பேசலாம், அவ்வளவு தான், தீர்ப்பு சொல்ல ஆள் கிடையாது.

இது திடீர்னு வந்த சண்டையும் இல்ல. 1976 அக்டோபர்ல தென்னாப்பிரிக்கா டிரான்ஸ்கைங்கிற பகுதியை தனி நாடுன்னு அறிவிச்சது, உலகத்துல யாரும் ஒத்துக்கல, லெசோத்தோவும் ஒத்துக்கல. உடனே தென்கிழக்குப் பக்கம் டிரான்ஸ்கை எல்லையில இருந்த கேட்டுகள் மூடிக்கிச்சு. கேட்டைத் திறக்கணும்னா டிரான்ஸ்கை அதிகாரிகிட்ட சீல் வாங்கணும், சீல் வாங்கினா அதை ஒரு நாடா ஒத்துக்கிட்டதா ஆயிரும். எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்காங்க பாருங்க, பாதையையே அங்கீகாரத்துக்கு விலையா வச்சுட்டாங்க. ஐ.நா. பாதுகாப்பு சபை அந்த டிசம்பர்லயே 402ம் தீர்மானம் போட்டு லெசோத்தோ செஞ்சது சரின்னு சொல்லுச்சு, மத்த நாடுகளை உதவச் சொல்லுச்சு. அதுல இருந்து தென்னாப்பிரிக்கா ஒரு பாடம் படிச்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன், மூடினா தான் தீர்மானம் வருது.

அடுத்தது ஏ.என்.சி., அதாவது நிறவெறியை எதிர்த்துப் போராடின ஆப்பிரிக்கன் நேஷனல் காங்கிரஸ் பிரச்சனை. நிறவெறி அரசுகிட்ட இருந்து தப்பிச்ச ஆளுங்க லெசோத்தோவுல தங்கியிருந்தாங்க, அவங்களுக்கு இடம் குடுக்காதன்னு பிரிட்டோரியாவுல இருந்த தென்னாப்பிரிக்க அரசு நெருக்கிக்கிட்டே இருந்துச்சு. 1982 டிசம்பர் 9 ராத்திரி தென்னாப்பிரிக்க ராணுவம் மசேருவுக்குள்ளயே இறங்கி 42 பேரைக் கொன்னுச்சு, அதுல 12 பேர் லெசோத்தோ ஜனங்க. 1985 டிசம்பர் 20 மறுபடியும் மசேருவுல தாக்குதல், 9 பேர் செத்தாங்க. டிசம்பர் 30 பாதுகாப்பு சபை 580ம் தீர்மானத்துல தென்னாப்பிரிக்காவைக் கண்டிச்சு, நஷ்ட ஈடு குடுன்னு சொல்லுச்சு. ரெண்டே நாள்ல, ஜனவரி 1 அன்னைக்கு, பார்டர்ல சோதனை ஆரம்பிச்சுது.

"சோதனை"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. கேட்டை மூடுறோம்னு யாரும் அறிவிக்கல. பாதுகாப்புக்காக வண்டிகளை நல்லா செக் பண்றோம், அவ்வளவு தான்னு சொன்னாங்க. உள்ள போற வண்டியும் செக், வெளிய வர்ற வண்டியும் செக்.

அங்கிள் அப்போ டர்பன்ல ஒரு மொத்த வியாபாரிகிட்ட டிரைவர். லெசோத்தோ வடக்குல புத்தா-புத்தே, லெரிபே பக்கம் இந்தியக் கடைக்காரங்க பல காலமா இருந்தாங்க, அவங்களுக்கு இங்க இருந்து சமையல் எண்ணெய், டின் மீன், மெழுகுவத்தி, துணி எல்லாம் போகும். வழின்னா மலை ஏறி வான் ரீனென் கணவாய் தாண்டி ஹாரிஸ்மித், பெத்லஹேம் வழியா காலிடன் ஆத்துப் பாலம் வரைக்கும். அந்த வழி முழுக்க ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். இங்க ஒரு விஷயத்தை நிறுத்தி சொல்லணும், நம்ம ஆளுங்களுக்கே இது நிறைய பேருக்குத் தெரியாது. 1891ல இருந்து அந்த மாகாணத்துல இந்தியர்கள் குடியிருக்கவே கூடாதுன்னு சட்டம், கடந்து போகலாம், தங்கக் கூடாது. 1986ல தான் அதை ரத்து பண்ணாங்க, இந்தக் கதை நடக்குறப்போ அது இன்னும் அமல்ல இருந்துச்சு. அதாவது லெசோத்தோவுக்குப் போற சரக்குக்கு அந்த நிலத்துல என்ன உரிமையோ, வண்டி ஓட்டுற அங்கிளுக்கும் அதே உரிமை தான், நிக்காம கடந்து போற உரிமை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். "தம்பி, பாலத்துக்கு ரெண்டு மைல் முன்னாடியே வண்டி நின்னுருச்சு. நான் ஆக்சிடென்ட்னு நினைச்சேன். இறங்கி நடந்து போய்ப் பாக்குறேன், முன்னாடி நிக்குற லாரில இருந்து ஒவ்வொரு மூட்டையா கீழ இறக்குறாங்க, ஊசி மாதிரி கம்பியால குத்திப் பாக்குறாங்க, மறுபடியும் டிரைவரையே ஏத்தச் சொல்றாங்க. ஒரு லாரிக்கு மூணு மணி நேரம், நாலு மணி நேரம். கார்ல சீட்டைக் கழட்டுறாங்க. குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கிட்டு நடந்து போற பொம்பளையோட டப்பாவைத் திறந்து கொட்டிப் பாக்குறாங்க." முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் அவர் வண்டி ஒரு முன்னூறு அடி தான் நகர்ந்துச்சாம். ராத்திரி ஆச்சு. அவர் கையில இருந்த காகிதத்துல அந்த மாகாணத்தைக் கடக்க தான் அனுமதி, ராத்திரி தங்க இல்ல. டார்ச் அடிச்சுட்டு ஒரு போலீஸ்காரர் வந்து பேப்பரைப் பாத்துட்டு, நீ இங்க நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். கியூவுல நிக்குறேன்னு இவர் சொல்ல, அதெல்லாம் எனக்குத் தெரியாது, முன்னாடி போ, இல்லேன்னா திரும்பிப் போன்னு பதில். முன்னாடி நாப்பது வண்டி. இவர் லாரியைத் திருப்பி, ராத்திரியோட ராத்திரியா ஹாரிஸ்மித் தாண்டி, டர்பன் இருக்குற நேட்டால் மாகாண எல்லைக்குள்ள வந்து ரோட்டோரம் படுத்துட்டு, மறுநாள் லோடோட டர்பன் வந்து சேந்துட்டார். சுமார் 500 கிலோமீட்டர் போக, அதே அளவு வர. எண்ணெய் டின்னு கூட ஒண்ணும் இறங்கல. நேட்டால்ல இருந்து நேரா ஏறுற சானி பாஸ் வழியா போலாமேன்னு முதலாளி கேட்டாராம், அது ஃபோர் வீல் ஜீப்பே திணறுற செங்குத்து மண் ரோடு, பத்து டன் லாரி ஏறாது.

இது தான் நான் சொல்ல வந்த விஷயத்தோட மையம். பாதை மூடவே இல்ல. சட்டப் புத்தகத்துல எந்த வரியும் மீறப்பட்டதா அன்னைக்கு அந்த கேட்ல நின்ன யாரும் காட்டியிருக்க முடியாது. ஒரு லாரிக்கு பத்து நிமிஷம் ஆகுற சோதனையை நாலு மணி நேரம் ஆக்கினாங்க, அதுலயே நாட்டோட மூச்சு நின்னுருச்சு. ஒரு கேட்ல ஒரு நாளைக்கு நூறு வண்டி போறது ஆறு வண்டியா குறைஞ்சா, மிச்ச தொண்ணூத்தி நாலும் தடை தான், பேரு மட்டும் வேற. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு நம்ம ஊர்ல சொல்லுவோம், இதுல பூசாரி வேண்டாம்னு கூட சொல்லல, வரிசையில நில்லுன்னு தான் சொன்னான்.

மசேருவுல முதல்ல தீர்ந்தது பெட்ரோல். அப்புறம் சாப்பாட்டு சாமான், மருந்து. மலை நாட்டுல கிராமங்களுக்கு லாரி தான் எல்லாம், டீசல் இல்லேன்னா மாவு மூட்டை மலை ஏறாது. பிரதமர் லியாபுவா ஜொனாதன் 1965ல இருந்து பதவியில இருந்தவர், 1970 தேர்தல்ல தோக்கப் போறது தெரிஞ்சதும் தேர்தலையே ரத்து பண்ணவர், அதனால உள்ளூர்லயே அவருக்கு எதிரிங்க ஜாஸ்தி, இதை மறைச்சுட்டு அவரை வெறும் பாதிக்கப்பட்டவரா காட்டுறது சரியில்ல. ஜனவரி 20 அன்னைக்கு மேஜர் ஜெனரல் ஜஸ்டின் லெக்கன்யா தலைமையில துணை ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. சில நாள்ல ஏ.என்.சி. ஆளுங்க சுமார் அறுபது பேரை பிளேன்ல ஏத்தி ஜாம்பியாவுக்கு அனுப்பினாங்க. கேட்ல சோதனை பழையபடி பத்து நிமிஷமாச்சு.

கியூ வர்ற எல்லா இடத்துலயும் சதின்னு சொல்ல முடியாது, என் தொழில்ல கியூ தினசரி விஷயம். நிஜமான சோதனையா, கழுத்தைப் பிடிக்கிறதான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? அந்த இருபது நாளை வச்சு நான் பாக்குறது இப்படி. ஆயுதம் உள்ள வருதுங்கிற பயம்னா, லெசோத்தோவுல இருந்து வெளிய தென்னாப்பிரிக்காவுக்கு வர்ற வண்டியைத் தான் குடைஞ்சு பாக்கணும், பால் பவுடர் வாங்கிட்டு உள்ள போற பொம்பளையை எதுக்கு? ஒரே எதிரி, ஒரே பயம், ஆனா அதே வாரம் மத்த பக்கத்து நாட்டு பார்டர்கள்ல இந்த அளவு குடைச்சல் இல்ல. சோதனை பண்ற ஆளுங்க எண்ணிக்கை ஏறல, வேகம் மட்டும் குறைஞ்சுது, நிஜமா தேடுறவன் ஆளைக் கூட்டுவான், எக்ஸ்ட்ரா கவுண்டர் போடுவான். எல்லாத்துக்கும் மேல, தேடினது கெடைச்சதால சோதனை நிக்கல, கேட்டது நடந்ததால நின்னுச்சு. ஆட்சி மாறி ஆளுங்க நாடு கடத்தப்பட்டதும் பாதுகாப்பு பயம் ஒரே வாரத்துல கரைஞ்சு போச்சு. இந்த நாலுல முதல் மூணை நடக்குறப்போவே கவனிச்சு எழுதி வைக்கலாம். எந்த கேட், எத்தனை மணிக்கு எத்தனை வண்டி, எந்தத் திசை, எந்த சரக்கு. பின்னாடி வாதம் பண்ண இந்த லாக் புத்தகம் தான் சாட்சி, டிரைவர்கிட்ட நாங்க இன்னைக்கும் இதை எழுதச் சொல்றோம்.

இன்னைக்கு அதே மாதிரி நடந்தா சட்டம் உதவுமா? நிலைமை மாறியிருக்கு. தென்னாப்பிரிக்கா 1997ல கடல் சட்ட ஒப்பந்தத்தை உறுதி பண்ணுச்சு, லெசோத்தோ 2007ல. அதோட 125வது பிரிவு, கடல் இல்லாத நாட்டுக்கு கடலுக்குப் போக வர உரிமை உண்டு, எல்லா வகைப் போக்குவரத்து வழியாவும் கடந்து போற சுதந்திரம் உண்டுன்னு நேராவே சொல்லுது. 127 பிரிவு வழிச் சரக்குக்கு வரி போடாத, செஞ்ச சேவைக்கு மட்டும் கட்டணம் வாங்குன்னு சொல்லுது. 130 பிரிவு தாமதத்தைத் தவிர்க்க எல்லா ஏற்பாடும் பண்ணணும்னு சொல்லுது, 1986 கதைக்கு நேரா பொருந்துற வரி இது தான். எந்த வாகனம்னு 124வது பிரிவுல பட்டியல் இருக்கு, ரயில், படகு, ரோட்டு வண்டி, இடத்தைப் பொறுத்து தலைச்சுமை ஆளும் பொதி மாடும் கூட இருக்கு, ஆனா பிளேன் இல்ல. நாலு பக்கமும் ஒரே நாட்டு வானம் இருக்குற லெசோத்தோவுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா அதே 125வது பிரிவுல இன்னும் ரெண்டு வரி இருக்கு. எப்படி, எந்த நிபந்தனையோடன்னு சம்பந்தப்பட்ட நாடுகள் ஒப்பந்தம் போட்டு முடிவு பண்ணிக்கணும். வழி விடுற நாடு தன் நியாயமான நலன் கெடாம இருக்க தேவையானதை செய்யலாம். அதாவது உரிமையை ஒரு கையால குடுத்து, சாவியை வழி விடுறவன் மேசையிலயே வச்சுட்டாங்க. இப்படி எழுதாம இருந்திருந்தா கடற்கரை நாடுகள் கையெழுத்தே போட்டிருக்காதுங்கிறதும் உண்மை, அதனால இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா உரிமைன்னு படிச்சுட்டு நிம்மதியா தூங்குறதுக்கான வரி இது இல்ல.

கேஸ் போடலாம், கட்டாய நடுவர் மன்றம் இருக்கு. நடுவர் மன்றம் அமைய மாசக்கணக்காகும், அது வரைக்கும் இடைக்கால உத்தரவு கேட்டு ஹாம்பர்க்ல இருக்குற கடல் சட்ட தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுக்கும் கேட்ட தேதியில இருந்து ரெண்டு வாரம் காத்திருந்து தான் போக முடியும், அப்புறம் விசாரணை, அப்புறம் உத்தரவு. ஜொனாதன் தாக்குப் பிடிச்சது இருபது நாள். கடல் சட்டம் இன்னைக்கு இருக்குற முழு வேகத்துல ஓடினாலும், உத்தரவு வர்றப்போ கவர்மென்ட் மாறியிருக்கும். பாதுகாப்புன்னு சொன்னா கோர்ட் கேள்வியே கேக்க முடியாதான்னா, அதுல ஒரு முன்னேற்றம் இருக்கு. உக்ரைன் சரக்கை ரஷ்யா தன் வழியா விடாத கேஸ்ல, 2019ல உலக வர்த்தக அமைப்போட குழு, பாதுகாப்புன்னு நீ சொன்னா போதாது, நாங்க பரிசீலிப்போம்னு சொல்லுச்சு. ஆனா பரிசீலிச்சுட்டு ரஷ்யா பக்கம் தான் தீர்ப்பு குடுத்துச்சு.

அப்போ லெசோத்தோவைக் காப்பாத்துறது எது? என் கணிப்புல, தண்ணி. ஆட்சி மாறி ஒன்பது மாசத்துல, 1986 அக்டோபர் 24, லெசோத்தோ மலைத் தண்ணி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் லெசோத்தோ மலையில அணை கட்டி, சுரங்கப்பாதை தோண்டி தண்ணி அனுப்புறது. கட்சே அணையில இருந்து 1998ல தண்ணி போக ஆரம்பிச்சுது, அதுக்கு லெசோத்தோவுக்கு ராயல்டி வருது. இந்த ஒப்பந்தத்தை பல வருஷமா பேசிட்டு இருந்தாங்க, கழுத்தைப் பிடிச்ச பிறகு அவசரமா முடிஞ்சுதுன்னு பாத்தா மனசு கசக்குது, நியாயமான விலை பேசுற நிலைமையில அந்த நாடு அப்போ இல்ல. ஆனா விளைவு என்னன்னா, இப்போ பாலத்துல லாரியை நாலு மணி நேரம் நிறுத்துறவனுக்கு, தன் குழாய்ல வர்ற தண்ணி எங்க இருந்து வருதுன்னு தெரியும். கடல் இல்லாத நாடு வழியைக் கேக்குறப்போ பதிலுக்கு தன்கிட்ட இருந்து போற ஏதோ ஒண்ணு இருக்கணும், அது பாதையோட அதே திசையில ஓடணும்.

இதோட கதை முடிஞ்சுதுன்னா இல்ல, பகை இல்லாமலும் பாதை நிக்கும். 2021 ஜூலையில டர்பன்ல கலவரம் வந்தப்போ மூய் ரிவர் பக்கம் லாரிகளை எரிச்சு என்3 ஹைவேயே மூடிட்டாங்க, துறைமுகமும் ரயிலும் ஃபோர்ஸ் மஜூர், அதாவது எங்க கையை மீறிப் போச்சு, ஒப்பந்தப்படி செய்ய முடியாதுன்னு அறிவிச்சுது, கொஞ்ச நாள்ல துறைமுக கம்ப்யூட்டர் சிஸ்டமும் சைபர் தாக்குதல்ல விழுந்துச்சு. லெசோத்தோ மேல யாருக்கும் கோவம் கிடையாது. ஆனா மசேருவுல அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைக்கிற ஃபாக்டரிக்குப் போக வேண்டிய துணி எங்க யார்டுல நின்னுச்சு. சட்டத்துல இதுக்கு எந்த பரிகாரமும் இல்ல, ஏன்னா யாரும் எதையும் மீறல.

சாதாரண நாள்லயும் இந்த உரிமை எங்க கையில ஒரு பாண்டா தான் இருக்கு, அதாவது சரக்கு போய்ச் சேரலேன்னா வரியை நாங்க கட்டுறோம்னு எழுதிக் குடுக்குற உறுதிப் பத்திரம். மசேரு போற ஒரு கன்டெய்னர் துணி, கஸ்டம்ஸ் மதிப்பு 10 லட்சம் ராண்ட்னு வைங்க. துணிக்கு டூட்டி 22 சதவீதம், 2,20,000. வாட் கணக்கு போடுறப்போ மதிப்போட பத்து சதவீதம் கூட்டி, டூட்டியையும் கூட்டி, 13,20,000க்கு 15 சதவீதம், 1,98,000. ஆக 4,18,000 ராண்ட். இதைக் கட்டாம "ரிமூவல் இன் பாண்ட்"ல அனுப்புறோம், சீல் போட்டு, லைசென்ஸ் இருக்குற டிரான்ஸ்போர்ட்டர் கையில. சரக்கு லெசோத்தோ போய்ச் சேந்துச்சுன்னு ஆதாரம் 30 நாளைக்குள்ள வரணும், வரலேன்னா அந்த 4,18,000 பாண்டு குடுத்தவன் தலையில விழும். இதுல அநியாயம் ஒண்ணும் இல்ல, லெசோத்தோ போறதா சொல்லிட்டு டர்பன்லயே துணியை இறக்கி விக்கிற திருட்டு நிஜமாவே நடக்குது, 125வது பிரிவு சொல்ற நியாயமான நலன் இது தான். ஆனா அந்தச் செலவு, அந்த பயம், அந்த பிரீமியம் எல்லாம் கடைசியில மசேருவுல தைக்கிற ஒவ்வொரு பேண்ட் மேலயும் ஏறுது. டர்பன்லயே இருக்குற தையல் ஃபாக்டரிக்கு அது இல்ல.

போன வருஷம் எங்க ஃபைல் ஒண்ணு அப்படி மாட்டுச்சு. சரக்கு போயாச்சு, ஃபாக்டரியில துணியை வெட்டியே முடிச்சாச்சு, ஆனா கேட்ல அடிச்ச சீல்ல தேதி மங்கலா இருந்ததால ஆதாரத்தை ஏத்துக்கல. 26வது நாள். ரெண்டாவது காப்பி வாங்க நானே ராத்திரி கார் எடுத்துக் கிளம்பினேன். ஹாரிஸ்மித்ல ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை நிறுத்தி, சீட்டைச் சாய்ச்சு விடியிற வரைக்கும் தூங்கிட்டுப் போனேன். திரும்பி வந்து அங்கிளுக்கு ஃபோன் பண்ணி பேப்பர் கெடைச்சுருச்சுன்னு சொன்னேன். அவர் பேப்பரைப் பத்தி கேக்கல. "எங்க தம்பி படுத்த?"ன்னு கேட்டார். ஹாரிஸ்மித்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "யாரும் வந்து டார்ச் அடிக்கலையா?"ன்னார்.